நெட் கை வைத்த ரவிக்கை: போட்டோவில் கையின் நிறம் மாறாமல் வரைந்த கதை

அண்ணி சேலத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். போன மாதம் ஓர் அக்கா ஒயின் கலர் பட்டுப்புடவையோடு வந்து, ரவிக்கைக்குக் கை மட்டும் நெட்டில் வைக்கலாமா, வைத்தால் எப்படி இருக்கும், முதலில் போட்டோவில் காட்ட முடியுமா என்று கேட்டார். கையில்லாத ரவிக்கை போட்டு எடுத்த தன் போட்டோ ஒன்றையும் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை: "தம்பி, என் கை எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். போன தடவை ஒரு ஸ்டுடியோவுல கொடுத்தேன், துணியை மாத்தச் சொன்னா என்னையே வெள்ளையாக்கி வெச்சுட்டாங்க."

எனக்கு அந்த நிபந்தனை ரொம்ப நியாயமாகப் பட்டது. நெட் என்றாலே ஓட்டை வழியாகத் தோல் தெரிவதுதானே விஷயம். அந்தத் தோல் அவருடையதாக இல்லாவிட்டால் படம் பொய். அதனால் ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொண்டேன்: கை இருக்கும் லேயரில், அதாவது படத்தின் அந்த அடுக்கில், ஒரு புள்ளியைக்கூடத் தொடுவதில்லை, எல்லாம் அதற்கு மேலே தனி லேயர்களாகத்தான் வரும். செய்தது GIMP 2.10 என்ற போட்டோ திருத்தும் மென்பொருளில். சொல்லும்போது எளிதாக இருக்கிறது, ஆனால் கீழே உள்ள லேயரைத் தொடாமலேயே கையின் நிறத்தைக் கெடுக்க மூன்று நான்கு வழிகள் உண்டு என்பதை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் முயற்சி எல்லோரும் செய்வதுதான். நெட் துணியை வெள்ளைத் தாளில் விரித்து, ஜன்னல் பக்கம் வைத்து, போனில் எடுத்து, கையின் மேல் லேயராகப் போட்டு, மோடை Multiply என்று மாற்றினேன். வெள்ளை மறைந்து நூல் மட்டும் நிற்கும் என்பது கணக்கு. பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் நெட் முடியும் இடத்துக்குக் கீழே உள்ள முழங்கையோடு ஒப்பிட்டால் மேல்கை கொஞ்சம் சோர்ந்து போயிருந்தது. Color Picker-ஐ எடுத்து ஒரே இடத்தை இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். நெட் லேயரை அணைத்தால் தோல், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 176, 124, 94. போட்டால், நூலே இல்லாத வலைக்கண்ணின் நடுவில் 164, 115, 84.

காரணம் தாள்தான். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற தாள் போட்டோவில் 238, 236, 229 ஆக இருந்தது. Multiply என்பது பெருக்கல். முழு வெள்ளையான 255 இருந்தால் ஒன்றால் பெருக்குவது, தோல் அப்படியே இருக்கும். 238 இருந்தால் 0.93-ஆல் பெருக்குவது. 176-ஐ 0.93-ஆல் பெருக்கினால் 164. நீலம் இன்னும் குறைவாக இருந்ததால் தோல் கறுத்தது மட்டுமில்லை, கொஞ்சம் மஞ்சளும் ஏறியது. அதற்கு மேல் ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்பதால் கையின் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் இன்னொரு மாதிரி. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. துணி இல்லாமல் வெறும் தாளை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொரு போட்டோ எடுத்து, நன்றாக மங்கலாக்கி, நெட் போட்டோவின் மேல் Divide மோடில் வைத்தால் தாள் முழுக்க வெள்ளையாகிவிடும். எடுக்கும்போது போன் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அதைச் செய்யாமல் துணியைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டேன், ஏனென்றால் ஸ்கேனர் விளக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் விழும்.

ஸ்கேன் செய்யப் போகும் முன்பு டேப்பும் கையுமாக உட்கார்ந்து கொஞ்சம் அளந்தோம். இந்த அளவுகள் இல்லாமல் செய்தால் பூ பெரிதாகவோ சின்னதாகவோ வந்துவிடும், அதைப் பார்த்துத் துணி வாங்குகிறவர் ஏமாந்துபோவார். அக்காவின் மேல்கைச் சுற்று 11 அங்குலம், அதாவது குறுக்கு சுமார் 3.5 அங்குலம். போட்டோவில் அந்த இடம் 300 பிக்சல் அகலம் இருந்தது. அப்போது ஓர் அங்குலத்துக்குச் சுமார் 86 பிக்சல். முழங்கை வரை வரும் கைக்கு அண்ணி 10 அங்குல நீளமும், இறுக்காமல் இருக்க 12 அங்குலச் சுற்றும் வைப்பதாகச் சொன்னார். 10 அங்குலம் என்றால் 860 பிக்சல். சுற்றில் நம் கண்ணுக்குத் தெரிவது பாதி, 6 அங்குலம். ஆக எனக்குத் தேவை 6-க்கு 10 அங்குலத் துண்டு. ஏ4 கண்ணாடியில் தாராளமாக அடங்கும்.

300 dpi-இல், PNG-ஆக வாங்கினேன். கடைக்காரர் வழக்கம்போல JPG-ஆகக் கொடுக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். JPG-இல் மெல்லிய நூலைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி பொட்டுப் பொட்டாக வரும், பின்னால் அதைத் துடைத்து மாளாது.

ஸ்கேனிலும் ஒரு சிக்கல் வந்தது. நெட்டில் பூ எம்ப்ராய்டரி தடிமனாக இருக்கிறது. மேலே வைத்த வெள்ளைத் தாளை அது தூக்கிப் பிடிக்கிறது, அதனால் ஒவ்வொரு பூவைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். வெறும் நெட் இருக்கும் இடம் சுத்தமாக இருக்கிறது, பூ ஓரம் மட்டும் ஊறிய மாதிரி இருக்கிறது. மூடியின் மேல் இரண்டு தடிமனான டெலிபோன் டைரக்டரி அளவு புத்தகங்களை வைத்து அழுத்தி மறுபடி ஸ்கேன் செய்ததில் நிழல் பாதி குறைந்தது. மீதி கணினியில்.

இப்போது வெள்ளையை நீக்கும் வேலை. Multiply-ஐ விட்டுவிட்டு Colors மெனுவில் இருக்கும் Color to Alpha-வைப் பயன்படுத்தினேன். இது வெள்ளையைப் பெருக்கி மறைப்பதில்லை, நிஜமாகவே ஒன்றுமில்லாமல் ஆக்குகிறது. வலைக்கண் உண்மையான ஓட்டை ஆகிறது, அதன் வழியே தெரிவது கீழே இருக்கும் தோல்தான், வேறு எதுவும் கலக்காமல். முதலில், படத்தின் கறுப்பு, வெள்ளை முனைகளைச் சரிசெய்யும் Levels-இல் வெள்ளை முனையை எடுக்கும் ஐட்ராப்பரால் தாளைத் தொட்டு அதை 255-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் இதைத் திறக்க வேண்டும்.

அதில் இரண்டு ஸ்லைடர் இருக்கின்றன, இரண்டும் முக்கியம். ஒன்று Transparency threshold. வெள்ளைக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதையெல்லாம் முழு ஓட்டையாக்கு என்பது அதன் அர்த்தம். பூ ஓர நிழலைக் கொல்வது இதுதான். 0.2-க்கு ஏற்றியதும் நிழல் போய்விட்டது, ஆனால் கூடவே நெட்டின் மெல்லிய இழைகளும் அங்கங்கே அறுந்தன. 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் அறுகோணக் கண்கள் சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து ஓட்டை பெரிதானது தெரிந்தது, பூச்சி அரித்த துணி மாதிரி. 0.16-இல் நிறுத்தினேன். மீதமிருந்த நிழலை அழிப்பானால் பூ பூவாகத் துடைத்தேன், பதினான்கு பூ, அரை மணி நேரம்.

இன்னொன்று Opacity threshold. ஒயின் நிற நூலுக்கு இது தேவைப்பட்டது, கறுப்பாக இருந்திருந்தால் பெரிதாகத் தேவைப்பட்டிருக்காது. நூலின் நிறம் சுமார் 92, 22, 44. அது வெள்ளையிலிருந்து முழுத் தூரம் போகவில்லை, பத்தில் ஒன்பது பங்குதான் போயிருக்கிறது. அதனால் கருவி அந்த நூலையே பத்தில் ஒரு பங்கு கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுகிறது. பூவின் இதழ் வழியாகத் தோல் லேசாகத் தெரிந்து, எம்ப்ராய்டரி அச்சடித்த மாதிரி தட்டையாகிவிடும். இந்த ஸ்லைடரை 0.85-க்கு இறக்கியதும் பூ கெட்டியாக நின்றது. இதே காரணத்தால்தான் வெள்ளை, கிரீம், வெளிர் தங்க லேஸை வெள்ளைத் தாளில் வைத்து இந்த வழியில் பிரிக்கவே முடியாது. அதற்குக் கறுப்புத் தாள் வைத்து ஸ்கேன் செய்து, கறுப்பை நீக்க வேண்டும்.

சரி, ஓட்டை நிஜமாகவே ஓட்டைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணை நம்பவில்லை. அசல் போட்டோவின் நகல் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மோடை Difference என்று மாற்றினேன். இரண்டு படமும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கன்னங்கரேல் என்று 0, 0, 0 ஆகிவிடும். மாறிய இடம் மட்டும் ஒளிரும். நூல் ஒளிர வேண்டும், ஓட்டை கறுப்பாக இருக்க வேண்டும். அப்படியே பார்த்தால் சின்ன மாற்றம் தெரியாது, அதனால் Layer மெனுவில் New from Visible கொடுத்து அந்தப் புது லேயரில் Levels-ஐத் திறந்து வெள்ளை முனையை 255-லிருந்து 20-க்கு இழுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று எண் அளவு வித்தியாசம் இருந்தாலும் சாம்பலாகப் பளிச்சென்று வந்துவிடும். இந்தச் சோதனையை ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு செய்தேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேனா என்று எனக்குச் சொன்னது இதுதான்.

அடுத்தது கையின் உருண்டை. தட்டையாக ஸ்கேன் செய்த நெட்டைக் கை அளவுக்கு வெட்டி வைத்தால் பச்சை குத்திய மாதிரி இருக்கிறது, துணி மாதிரி இல்லை. கை உருளை. நடுவில் நெட் நம்மைப் பார்த்து இருக்கிறது, ஓரத்துக்குப் போகப் போகத் திரும்பிக்கொள்கிறது. அதனால் ஓரத்தில் கண்கள் நெருங்கி, குறுகி, நூல் அதிகமாகவும் தோல் குறைவாகவும் தெரிய வேண்டும். நிஜ நெட் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் புரியும், நடுவில் தோல் தெளிவாக இருக்கும், இரண்டு ஓரத்திலும் நிறம் கெட்டியாக ஒரு கோடு மாதிரி ஓடும். இந்தக் கெட்டி ஓரம் இல்லாததால்தான் பல போட்டோக்களில் நெட் ஒட்ட வைத்தது போலிருக்கிறது.

கணக்கும் அதையே சொல்கிறது. 6 அங்குலத் துணி 516 பிக்சல், ஆனால் 12 அங்குலச் சுற்றுள்ள ரவிக்கைக் கை போட்டோவில் எடுத்துக்கொள்ளும் அகலம் 328 பிக்சல்தான். 516 இந்த 328-க்குள் அடங்க வேண்டும், நடுவில் சுருங்காமல், எல்லாச் சுருக்கமும் ஓரத்தில். இதற்கு Filters-இல் Distorts-இன் கீழ் Spherize இருக்கிறது. அதில் Mode என்ற இடத்தில் Horizontal, Vertical என்று இருக்கும், இடமும் வலமும் நெருங்குகிற ஒன்றைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அது நடுவைப் பெரிதாக்கி ஓரத்தை நெருக்குகிறது, லேயரின் அகலத்தை மாற்றுவதில்லை. பிறகு அகலத்தை மட்டும் குறைத்தால் நடுப்பகுதி தன் சரியான அளவுக்குத் திரும்பி வந்துவிடும். பூ நடுவில் நல்ல வட்டமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், முட்டை வடிவமாக இருந்தால் கணக்கு எங்கோ தவறிவிட்டது.

இங்கேதான் ஒரு முழு மாலை வேலையை வீணாக்கினேன். முதலில் ஸ்கேனைப் போட்டோ அளவுக்குச் சுருக்கிவிட்டு, அப்புறம் வளைத்து, அப்புறம் அகலம் குறைத்து, அப்புறம் கையின் சாய்வுக்குத் திருப்பி, முழங்கை பக்கம் குறுகுவதற்கு இழுத்து என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒவ்வொரு முறையும் மென்பொருள் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து புதிதாக எழுதுகிறது. இந்த நெட்டின் கண் சுமார் 1.5 மில்லிமீட்டர், நூல் 0.2 மில்லிமீட்டர். போட்டோ அளவில் கண் என்பது ஐந்து பிக்சல், நூல் ஒரு பிக்சல்கூட இல்லை. ஐந்து முறை கலந்ததில் நூல் கரைந்து கண்ணுக்குள் வழிந்துவிட்டது. Difference சோதனையில் கை முழுக்க ஒரே சாம்பல் மூட்டம், ஓட்டை என்று ஒன்றே இல்லை. தோலின் மேல் ஒயின் நிறச் சாயம் பூசியது போலிருந்தது.

மறுநாள் வரிசையை மாற்றினேன். ஸ்கேன் அளவிலேயே, 1800-க்கு 3000 பிக்சலாக இருக்கும்போதே Spherize செய்துவிட்டேன். அங்கே நூல் இரண்டு மூன்று பிக்சல் தடிமன், ஒரு முறை கலந்தால் ஒன்றும் ஆகாது. அகலம் குறைப்பது, நீளம் குறைப்பது, சாய்ப்பது, முழங்கை பக்கம் குறுக்குவது நான்கையும் Unified Transform கருவியில் ஒரே பிடியில் செய்து ஒரே முறை Enter. அதற்கு மேல் Warp Transform ஒரு முறை மட்டும், பெரிய பிரஷ்ஷால். போட்டோ கொஞ்சம் மேலிருந்து எடுத்தது, அதனால் கையைச் சுற்றி ஓடும் எந்த வரிசையும் நேர்க்கோடாக இல்லாமல் நடுவில் லேசாகக் கீழே தொய்ய வேண்டும். பூ வரிசையின் நடுவைப் பன்னிரண்டு பிக்சல் அளவுக்குக் கீழே இழுத்தேன். சோதனையில் இந்த முறை கண்கள் கறுப்பாகத் தனித்தனியாக வந்தன. நூல் ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் இருக்கத்தான் செய்யும், ஒரு பிக்சலுக்கும் மெல்லிய நூல் அப்படித்தான் விழும், காமிராவில் எடுத்தாலும் அதே.

அளவுக்கு மேல் வெளியே வந்ததை லேயர் மாஸ்க்கில் மறைத்தேன். மாஸ்க்கைக் கையின் ஓரத்தோடு ஒட்ட வெட்டக் கூடாது. துணி 328, கை 300, மீதி 28 பிக்சல் கைக்கு வெளியே காற்றில் நிற்க வேண்டும். மேல் பக்கம் துணி தோலைத் தொட்டுக்கொண்டு போகும், அங்கே 8 விட்டேன், அடிப்பக்கம் தொங்கும், அங்கே 20. இந்த 20 பிக்சல் பட்டையில் நெட்டுக்குப் பின்னால் கை இல்லை, சுவர்தான் இருக்கிறது, ஆனால் நெட்டின் பின்பக்கம் இருக்கிறது! முன் நெட், பின் நெட் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். அதனால் நெட் லேயரின் நகலை இடவலம் திருப்பி, இரண்டு மூன்று பிக்சல் நகர்த்தி, கீழே வைத்து, மாஸ்க்கில் அந்தப் பட்டையை மட்டும் திறந்துவிட்டேன். இந்த ஒரு சின்ன விஷயத்தைச் செய்ததும்தான் கை துணிக்கு உள்ளே போன மாதிரி இருந்தது. அண்ணி திரையைப் பார்த்துவிட்டு, "இப்பதான் தைச்ச கை மாதிரி இருக்கு" என்றார்.

நூலுக்கு வெளிச்சம் கொடுப்பது பாக்கி. அக்காவின் கையில் வெளிச்சம் இடதுபக்கம் விழுகிறது, வலதுபக்கம் இருட்டு. நெட் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே நிறத்தில் இருந்தால் தனியாக நிற்கும். கை லேயரை நகலெடுத்து, நிறத்தை நீக்கி, தோல் ரோமமும் மருவும் தெரியாத அளவுக்கு Gaussian Blur கொடுத்து, Levels-இல் வெளிச்சமான பகுதியை வெள்ளைக்குக் கொண்டுவந்தேன். நெட் லேயர்களையும் இதையும் ஒரு லேயர் குரூப்புக்குள் போட்டு, இதை மேலே வைத்து Multiply. குரூப்புக்குள் இருப்பதால் இந்த நிழல் நூலின் மேல் மட்டும்தான் விழும், ஓட்டையில் விழ எதுவுமில்லை.

விழாது என்று நினைத்தேன், விழுந்தது. சோதனையில் கையின் வலதுபாதி முழுக்கச் சாம்பல். நீண்ட நேரம் தேடிய பிறகு பார்த்தால் குரூப்பின் மோடு Pass Through என்று இருந்தது. எப்போதோ வேறு வேலைக்காக மாற்றியது. Pass Through என்றால் குரூப்புக்குச் சுவர் இல்லை, உள்ளே இருக்கும் Multiply கீழே இருக்கும் தோல் வரைக்கும் இறங்கிவிடும். ஏற்கெனவே இருட்டாக இருந்த பக்கம் இன்னொரு முறை இருட்டாகி, அக்காவின் கை இரண்டு நிழல் சுமந்துகொண்டிருந்தது. குரூப்பை Normal ஆக்கியதும் கறுப்பு திரும்பி வந்தது. இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன், நிழல் கொஞ்சம் ஆழமாக இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டிருப்பேன்.

தோலை நான் தெரிந்தே மாற்றியது ஓர் இடத்தில்தான். கை முடியும் இடத்தில் அரை அங்குலப் பட்டி, அதே ஒயின் நிறப் பட்டில். 43 பிக்சல், கெட்டித் துணி, ஒளிபுகாது. அதன் கீழ் விளிம்பில் முழங்கையின் மேல் மூன்று நான்கு பிக்சலுக்கு மெல்லிய நிழல் இல்லாவிட்டால் பட்டி மிதக்கிறது. அதைத் தனி லேயரில் வைத்து, அக்காவிடம் போட்டும் அணைத்தும் காட்டினேன். போட்டே இருக்கட்டும் என்றார். நூலுக்கும் பூவுக்கும் தோலின் மேல் நிழல் வைக்கவில்லை. பூவுக்கு வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் நிஜமாகத்தான் இருந்தது, ஆனால் பதினான்கு பூவைச் சுற்றியும் தோல் கறுத்ததால் தள்ளி நின்று பார்த்தால் கை மொத்தமும் ஒரு படி மங்கியது. எடுத்துவிட்டேன்.

படத்தை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன்: "தம்பி, கை கறுத்த மாதிரி இருக்கே?"

மெசேஜில் போட்டோவாகப் போனதால் படம் சுருங்கியிருக்கிறது, போன் திரையில் இன்னும் சுருங்கியிருக்கிறது. ஐந்து பிக்சலாக இருந்த கண் ஒன்றரைப் பிக்சல் ஆகிவிட்டது. அந்த அளவில் ஓட்டை, நூல் என்று தனித்தனியாக எதுவும் இல்லை, இரண்டும் கலந்து ஒரே நிறம். எவ்வளவு கலக்கும் என்பதைக்கூடச் சொல்லலாம். கண்ணுக்குக் கண் 1.5 மில்லிமீட்டர், நூல் 0.2 என்றால் பரப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு நூல் மூடியிருக்கிறது. முக்கால் பங்கு தோலும் கால் பங்கு ஒயினும் கலந்தால் 176, 124, 94 என்பது சுமார் 155, 99, 82 ஆகும். அவர் திரையில் பார்த்தது அதைத்தான்.

இதை நான் தவறு என்று திருத்தவில்லை, ஏனென்றால் நிஜத் துணியும் இதைத்தான் செய்யும். கிட்டத்தில் நின்றால் ஓட்டை வழியாகத் தோல் அதன் நிறத்திலேயே தெரியும், மேடையில் பத்தடி தள்ளி நிற்பவரைப் பார்த்தால் நம் கண்ணே இரண்டையும் கலந்துவிடும். சின்னப் படத்தில் "கறுப்பாகத் தெரிகிறது" என்று அந்த இடத்தில் தோலை வெளுக்கச் செய்தால், அதுதான் அந்த ஸ்டுடியோ செய்தது. அதனால் இரண்டு படமாக அனுப்பினேன், ஃபைலாக, சுருங்காமல். ஒன்று முழுப் படம். இன்னொன்று மேல்கையை மட்டும் வெட்டி எடுத்தது, 800 பிக்சல் அகலம், அதில் ஒவ்வொரு கண்ணும் தெரியும். பக்கத்தில் நெட் இல்லாத அதே இடம். பெரிதாக்கிப் பாருங்கள் அக்கா, ஓட்டைக்குள் இருப்பது உங்கள் கைதான், தூரத்திலிருந்து பார்த்தால் மேடையிலும் இந்த அளவுக்குத்தான் நிறம் கூடும், அது பிடிக்கவில்லை என்றால் இன்னும் பெரிய கண் உள்ள நெட் பார்ப்போம் என்று சொன்னேன். கண் 3 மில்லிமீட்டர் என்றால் நூல் மூடுவது எட்டில் ஒரு பங்குதான், அதற்கும் ஒரு படம் போட்டுக் கொடுத்தேன். இரண்டையும் பார்த்துவிட்டு முதல் நெட்டையே எடுத்துக்கொண்டார்.

அண்ணி தைத்து முடித்து, அக்கா போட்டுப் பார்த்தபோது அதே மாதிரி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன், ஒப்பிட்டுப் பார்க்க. பூவின் அளவு சரியாக இருந்தது. ஓரக் கெட்டியும் கிட்டத்தட்ட சரி. இரண்டு இடத்தில் நான் வரைந்தது தப்பு. கையின் உள்பக்கம் தையல் ஓடுகிறது, அங்கே நெட் இரண்டு மடிப்பாகத் தைத்து ஓவர்லாக் போட்டிருப்பதால் தோல் தெரியாத ஒரு கெட்டிக் கோடு மேலிருந்து கீழ்வரை இருக்கிறது, என் படத்தில் அது இல்லவே இல்லை. தோள்பட்டையில் அண்ணி லேசாகச் சுருக்கம் வைத்திருந்தார், அங்கே நெட் மடிந்து மடிந்து இரண்டு மூன்று அடுக்காகிறது, நான் அதை ஒற்றை நெட்டாகவே விட்டிருந்தேன். அந்தக் கோட்டை இப்போது ஐந்து பிக்சல் அகலத்தில் தனி லேயராக வைத்துவிட்டேன். சுருக்கத்துக்குப் பின்பக்க நெட்டுக்குச் செய்தது போலவே நகலெடுத்து நகர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் மடிப்பு விசிறி மாதிரி விரிவதால் ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியாகத்தான் வளைக்க வேண்டியிருக்கிறது. அடுத்து ஒருவர் கறுப்பு நெட்டில் பஃப் கை கேட்டிருக்கிறார், அதற்குள் இது சரியாக வந்தாக வேண்டும்.